குறள் 619 வெற்றியை உறுதி சொல்கிறதா? பொன்மொழியைப் பகிரும்போது பெயர், இடம், சொந்தக் கருத்து

தேர்வு நெருங்கும் மாதங்களில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களின் புலனக் குழுக்களில் அடிக்கடி வலம்வரும் குறள் ஒன்று உண்டு. ஆள்வினையுடைமை அதிகாரத்தின் ஒன்பதாவது குறளான 619 அது. சூரிய உதயப் படத்தின் மேல் குறள் இருக்கும். அதன் கீழே ஒரு வரி விளக்கமும், அதற்கும் கீழே ‘திருவள்ளுவர்’ என்ற பெயரும் இருக்கும். அந்த ஒரு வரி விளக்கம் பெரும்பாலும், முயன்றால் வெற்றி உறுதி என்ற பொருளில் அமைந்திருக்கும்.

குறளின் சொற்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. தெய்வத்தால் ஒரு காரியம் கைகூடாமல் போனாலும், முயற்சி உடல் பட்ட பாட்டுக்கு ஏற்ற கூலியைக் கொடுக்கும் என்பதே அதன் பொருள். நினைத்தது கிடைக்காமல் போகலாம் என்பதை வள்ளுவர் முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். அதன் பிறகும் உழைப்பு வீணாகாது என்கிறார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தேர்வுக்கு முன்னால் பெரிதாகத் தெரியாது. முடிவு வெளியாகும் நாளில்தான் தெரியும். எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்காத மாணவர், ‘முயன்றால் வெற்றி உறுதி’ என்பதை வள்ளுவர் வாக்காக நம்பியிருந்தால், தாம் முயலவே இல்லை என்று வள்ளுவரே தீர்ப்புச் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்வார். உண்மையில் 619வது குறள் அந்த மாணவருக்காகவே சொல்லப்பட்டது போன்றது. அது அவர் பக்கம் நிற்கும் குறள்.

ஒரு குறளுக்கு இரண்டு பொருள்

‘வெற்றி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? அதைத் தேடினால், பொன்மொழியைப் பகிர்வோர் அடிக்கடி விட்டுவிடும் ஒரு பெயர் தெரியவரும். அது உரையாசிரியரின் பெயர்.

குறளில் வரும் ‘தெய்வம்’ என்பதைப் பரிமேலழகர் ஊழ் என்ற பொருளில் கொள்கிறார். முயன்ற செயல், விதியின் வகையால் கருதிய பயனைத் தராவிட்டாலும் உழைத்த அளவுக்குப் பயன் தரும் என்பது அவர் கொண்ட பொருள். மு. வரதராசனாரின் தெளிவுரையும் இதே வழியில்தான் செல்கிறது. ஊழ் காரணமாகச் செயல் முடியாமல் போனாலும் உடல் வருந்தியதன் கூலியாவது கிடைக்கும் என்கிறது.

கலைஞர் மு. கருணாநிதியின் உரை வேறு வழியில் செல்கிறது. அங்கே தெய்வம் என்பது கடவுள். கடவுளைக் கூவி அழைப்பதால் நடக்காத காரியம்கூட, ஒருவர் முயன்று உழைத்தால் அதற்குரிய வெற்றியைத் தரும் என்பது அவர் தரும் பொருள். ‘வெற்றி’ இந்த உரையில்தான் வருகிறது.

இரண்டில் எது சரி என்பது தமிழறிஞர்கள் பேச வேண்டிய விவாதம். பகிர்பவர் அறிய வேண்டியது வேறு. ஒரு குறளுக்கு இரண்டு உரைகள் இவ்வளவு விலகி நிற்கும்போது, உரையை எழுதியவர் பெயரை விட்டுவிட்டு ‘திருவள்ளுவர்’ என்று மட்டும் போட்டால், ஒருவரின் விளக்கம் மற்றொருவரின் வாக்காக மாறிவிடுகிறது. குறளுக்கு வள்ளுவர் பெயரும், விளக்கத்துக்கு அதை எழுதியவர் பெயரும் வேண்டும். விளக்கம் பகிர்பவருடையதே என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த குறளையும் படித்துப் பார்ப்பது நல்லது. தளராமல் தாமதிக்காமல் முயல்பவர்கள் ஊழையே தோற்றோடச் செய்வார்கள் என்ற கருத்தை 620வது குறள் சொல்கிறது. வெற்றியைப் பற்றிய குறள்தான் வேண்டும் என்றால் அதைப் பகிரலாம். அதே வள்ளுவர் ஊழ் அதிகாரத்தின் கடைசிக் குறளான 380இல், ஊழைவிட வலிமையானது எதுவும் இல்லை, அதை விலக்க நாம் வழி தேடினாலும் அது முந்திக்கொள்ளும் என்கிறார். மூன்றையும் சேர்த்துப் படித்தவருக்கு, தனியாக எடுத்த ஒரு வரியின் எல்லை எதுவென்று தெரியும். சொந்தக் கருத்து எழுதுவதற்கான இடமும் அங்கேதான் கிடைக்கிறது.

பெயரோடு இடமும் வேண்டும்

பொன்மொழியின் கீழ் ஒரு பெயர் இருப்பதை மட்டும் வைத்து அதை நம்பிவிட முடியாது. எந்த நூல், எந்தப் பாடல், எந்தப் பேச்சு, எந்த ஆண்டு என்பதில் ஒன்றாவது இருந்தால்தான் படிப்பவர் போய்ப் பார்க்க முடியும். ‘திருவள்ளுவர்’ என்பதைவிடக் ‘குறள் 619’ என்பது அதிகப் பயன் தரும். அந்த எண்ணைக் கொண்டு எவரும் அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். இன்று வழக்கில் உள்ள எண், பரிமேலழகர் அமைத்த வரிசையைப் பின்பற்றுவது. மணக்குடவர் போன்ற பழைய உரையாசிரியர்களிடம் வரிசை சில இடங்களில் மாறும். ஆகவே பழைய பதிப்பிலிருந்து எடுப்பவர் அதிகாரத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுப்பது பாதுகாப்பானது.

வள்ளுவர் பெயரில் வரும் வாசகம் உண்மையிலேயே குறள்தானா என்பதை அறிய எளிய வழி உண்டு. தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். குறள் இரண்டு அடி கொண்டது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாவதில் மூன்று சீர், ஆக மொத்தம் ஏழு. ‘திருவள்ளுவர்’ என்று கையெழுத்திட்டு வரும் வாசகத்தில் ஏழு சீர் தேறவில்லை என்றால் அது குறள் அல்ல. மிஞ்சிப்போனால் ஒரு குறளின் விளக்கமாக இருக்கும். பல வேளைகளில் அதுவாகவும் இருக்காது.

ஔவையாரின் ஆத்திசூடிக்கும் பாரதியாரின் புதிய ஆத்திசூடிக்கும் இடையிலும் இப்படிக் குழப்பம் வரும். இரண்டுமே மிகச் சிறிய அடிகளால் ஆனவை, அகர வரிசையில் செல்பவை. ஒன்றின் அடியை மற்றவர் பெயரில் போடுவது எளிதில் நடக்கும் தவறு. ஆனால் அவர்கள் சொல்வது ஒன்றல்ல. ஔவையார் அடக்கமாக இருக்கச் சொல்லும் இடங்களில் பாரதியார் நிமிர்ந்து நிற்கச் சொல்வார். பெயர் மாறினால் அறிவுரையின் திசையே மாறிவிடும்.

தேடும்போது கவனிக்க வேண்டிய ஒன்று: தமிழ்ச் செய்யுள் எல்லாப் பதிப்புகளிலும் ஒரே மாதிரி அச்சாவதில்லை. சிலர் சீர் பிரித்து அச்சிடுவார்கள், சிலர் சந்தி பிரித்து அச்சிடுவார்கள். முழு அடியையும் அப்படியே தட்டித் தேடினால், இருப்பதும் இல்லாதது போலத் தோன்றும். அடியில் உள்ள அரிய சொற்கள் இரண்டை மட்டும் எடுத்து, சந்தி இல்லாமல் ஒரு முறை, சந்தியோடு ஒரு முறை தேடுவது பலன் தரும். மதுரைத் திட்டம், தமிழ் விக்கிமூலம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஆகிய மூன்றும் இதற்கு உதவும். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் வரி என்றால், தேசிய நூலக வாரியத்தின் மின்மரபுத் தொகுப்பில் 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் இருக்கின்றன.

தேடியதில் நூறு பக்கங்கள் கிடைத்தும், ஒன்றில்கூட நூலின் பெயர் இல்லை என்றால், அதுவே எச்சரிக்கை. நூறு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தவர்கள்.

நடித்தவர், பாடியவர், எழுதியவர்

தமிழர்கள் பகிரும் ஊக்க வரிகளில் பல, திரைப்பாடல்களிலிருந்து வருபவை. அவற்றில் நடிகரின் படமும் பெயரும் மட்டுமே இருக்கும்.

1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில், தம்பியைப் பார்த்துத் தூங்காதே என்று அறிவுரை சொல்லும் பாடல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சோம்பலால் வாய்ப்பை இழந்தவர்களைச் சுட்டிக்காட்டி, விழித்திருக்கச் சொல்லும் பாடல் அது. நம் நாட்டில் பலரும் அதை ‘எம்ஜிஆர் பாட்டு’ என்றே அறிவார்கள். படத்தை இயக்கி நடித்தவர் எம்ஜிஆர். அவருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவர் டி. எம். சௌந்தரராஜன். சொற்களை எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். படம் வெளிவந்த மறு ஆண்டே, முப்பது வயதைத் தாண்டாமலே அவர் மறைந்துவிட்டார்.

இங்கே மூவருக்கும் பங்கு உண்டு. ஆனால் பகிரப்படுவது சொற்கள் என்றால், முதலில் வர வேண்டியது சொற்களை எழுதியவர் பெயர். ‘பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், நாடோடி மன்னன் (1958)’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நடிகரின் படத்தைப் போடுவதில் தவறில்லை. படத்தின் கீழ் இருக்கும் பெயர் எழுதியவருடையதாக இருந்தால் போதும். பாடலாசிரியர் பெயரைப் படத்தின் தொடக்க எழுத்துகளிலோ, பழைய இசைத்தட்டு உறையிலோ பார்க்கலாம். ஒரு படத்துக்குப் பல கவிஞர்கள் எழுதியிருக்கலாம் என்பதால், எந்தப் பாடல் யாருடையது என்று தனியாகப் பார்ப்பது அவசியம்.

காந்தி எழுதியது என்ன?

உலகில் காண விரும்பும் மாற்றமாக முதலில் நாமே இருக்க வேண்டும் என்ற கருத்துள்ள வாசகம் காந்தியின் பெயரில் உலகம் முழுவதும் வழங்குகிறது. தமிழிலும் பல வடிவங்களில் உலவுகிறது. காந்தியின் எழுத்துகளும் பேச்சுகளும் நூறு தொகுதிகளாக வெளிவந்துள்ளன. அவற்றில் இந்த வாசகம் இந்த வடிவில் காணப்படவில்லை. இதற்கு மிக நெருங்கிய வாசகம் 1970களில், ஆர்லீன் லாரன்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை எழுதிய கட்டுரை ஒன்றில் இருக்கிறது.

ஆனால் காந்திக்கும் இந்தக் கருத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அவர் நடத்திய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில், 1913 ஆகஸ்டில், உடல்நலம் பற்றிய தொடர் ஒன்றைக் குஜராத்தியில் எழுதிவந்தார். 1903இல் தொடங்கியபோது தமிழ்ப் பகுதியும் கொண்டிருந்த இதழ் அது. அந்தத் தொடரில் பாம்புக்கடி பற்றிய பகுதியில் அவர் ஒரு கருத்தைச் சொல்கிறார். வெளியுலகில் இருப்பவை எல்லாம் நமக்குள்ளும் இருக்கின்றன, நம்மை நாம் மாற்றிக்கொண்டால் உலகின் போக்கும் நம்மிடம் மாறும், பிறர் என்ன செய்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

வழக்கில் உள்ள வாசகம் ஒரு கட்டளை. காந்தி எழுதியது அவர் கண்ட ஓர் உண்மை. அதுவும் பாம்பைப் பற்றிப் பேசும்போது, அச்சத்தையும் பகையையும் மனத்தில் வைத்திருப்பவரைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. அதை அறிந்தவருக்குச் சொல்ல அதிகம் இருக்கும்.

ஆகவே இதைப் பகிர விரும்புபவருக்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. வழக்கில் உள்ள வாசகத்தையே பகிர்வதானால், ‘காந்தியின் பெயரில் வழங்குவது’ என்று எழுதலாம். காந்தி எழுதியதைப் பகிர்வதானால், ‘காந்தி, இந்தியன் ஒப்பீனியன், 1913, குஜராத்தியில் எழுதியதன் சாரம்’ என்று எழுதலாம். சாரம் என்று சொல்லிவிட்டால் மேற்கோள் குறி போடக்கூடாது. மேற்கோள் குறிக்குள் இருப்பது, சொன்னவரின் சொற்கள் அப்படியே என்று பொருள்படும். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயரும் வேண்டும்.

எவ்வளவு தேடியும் மூலம் கிடைக்காத வாசகத்துக்கு ‘சொன்னவர் தெரியவில்லை’ என்று எழுதலாம். விவேகானந்தர், புத்தர், ஐன்ஸ்டைன், அப்துல் கலாம் என்று பெரிய பெயர் எதையாவது ஒட்டிவைப்பதைவிட அது மேல். வாசகம் நல்லதாக இருந்தால் பெயர் இல்லாமலும் நிற்கும்.

பக்கத்தில் வைக்கும் சொந்தக் கருத்து

சொந்தக் கருத்து என்பது பொன்மொழியை வேறு சொற்களில் மறுபடி சொல்வது அல்ல. ‘எவ்வளவு அருமையான வரிகள்’ என்பதும் கருத்து ஆகாது. வாசகம் சொல்லாத ஒன்றைச் சேர்க்க வேண்டும். அது யாருக்கு, எந்த நேரத்தில் பொருந்துகிறது என்பதாக இருக்கலாம். எங்கே பொருந்தாது என்பதாகவும் இருக்கலாம்.

எஸ்பிஎம் முடிவு வெளியாகும் நாளில், முன்னாள் மாணவர் குழுவின் பொறுப்பாளர் ஒருவர் 619வது குறளைப் பகிர்வதாக வைத்துக்கொள்வோம். அவர் முதலில் இப்படி எழுதக்கூடும்:

முயற்சி திருவினையாக்கும் மாணவர்களே! கடினமாக உழைத்தால் எல்லாரும் வெல்லலாம்!

இதில் குறள் சொன்னதும் இல்லை, அவர் கண்டதும் இல்லை. குறளைப் படித்த பிறகு அவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்:

குறள் 619, ஆள்வினையுடைமை.
பொருள் (மு. வரதராசனார் உரையைத் தழுவியது): விதியால் காரியம் கைகூடாமல் போனாலும், உழைத்த அளவுக்குக் கூலி உண்டு.
என் கருத்து: இன்று நினைத்த மதிப்பெண் வராதவர்கள் இதைப் படியுங்கள். வள்ளுவர் உங்களுக்கு வெற்றியை வாக்களிக்கவில்லை, கூலியை வாக்களிக்கிறார். ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து கணக்குப் போட்டுப் பழகியது உங்களிடம் இருக்கிறது. அதைத் தேர்வுத் தாள் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் தவறான முறையில் படித்திருந்தால் அதையும் இப்போது பார்க்க வேண்டும். குறள் உழைப்பைப் பற்றிப் பேசுகிறது, முறையைப் பற்றிப் பேசவில்லை.

கடைசி இரண்டு வாக்கியங்கள் வாசகத்தின் எல்லையைச் சொல்கின்றன. வள்ளுவருடன் மாறுபடுவது அவமரியாதை ஆகாது. உரையாசிரியர்களே ஒருவரோடு ஒருவர் மாறுபட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். எது வள்ளுவர், எது நாம் என்பது தெளிவாக இருந்தால் போதும்.

அனுப்பிய பிறகு நடப்பது

புலனத்தில் ஒரு செய்தி நான்கைந்து கை மாறும்போது முதலில் தொலைவது மூலக் குறிப்பு. கடைசி வரியாக இருந்தால், நகலெடுப்பவர் அதை விட்டுவிடுவார். படத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தால், ஓரம் வெட்டும்போது போய்விடும். அதனால் மூலக் குறிப்பை வாசகத்துக்கும் சொந்தக் கருத்துக்கும் நடுவில் வைப்பது நல்லது. படம் என்றால் படத்துக்குள்ளேயே, வாசகத்தை ஒட்டியே எழுத வேண்டும்.

சொந்தக் கருத்து வாசகத்தோடு ஒட்டியிருந்தால் அதற்கும் ஆபத்து உண்டு. இடைவெளி இல்லாமல், ஒரே எழுத்துருவில், ஒரே மேற்கோள் குறிக்குள் எழுதினால், மூன்றாவது கைக்குப் போகும்போது பகிர்ந்தவரின் சொற்கள் வள்ளுவர் சொன்னவையாகிவிடும். ‘என் கருத்து’ என்ற இரண்டு சொற்களும், அதன் முடிவில் எழுதியவரின் பெயரும் இதைத் தடுக்கும். புலனத்தில் வரியின் தொடக்கத்தில் > என்ற குறியும் ஓர் இடைவெளியும் இட்டால், அந்த வரி மேற்கோளாகத் தனித்துத் தெரியும். வாசகத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

சட்டமும் இதில் கொஞ்சம் வருகிறது. குறளுக்குக் காப்புரிமை இல்லை. அண்மைக் காலத்தில் எழுதப்பட்ட உரைக்கும் திரைப்பாடலுக்கும் இருக்கலாம். சிங்கப்பூரில் படைப்பாளரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும், மலேசியாவில் வாழ்நாளும் 50 ஆண்டுகளும் எழுத்துப் படைப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டு. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், தம் படைப்பைப் பொதுவில் பயன்படுத்தும்போது தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையைப் படைப்பாளருக்குத் தந்திருக்கிறது. ஓரிரு அடிகளை மூலத்தோடு எடுத்துக்காட்டிப் பேசுவது ஒன்று, முழுப் பாடலையோ உரையின் பக்கங்களையோ படமெடுத்து அனுப்புவது வேறு. இரண்டாவதற்கு, பெயரைப் போட்டுவிட்டேன் என்பது அனுமதியாகாது.

குழுவில் வேறொருவர் பெயரை மாற்றிப் பகிர்ந்துவிட்டால், எல்லார் முன்னிலையிலும் திருத்துவது வயதில் மூத்தவர்களைச் சங்கடப்படுத்தும். தனியாக எழுதி, “ஐயா, இது எந்த நூலில் வருகிறது? முழுதும் படிக்க ஆசை” என்று கேட்கலாம். மூலம் இருந்தால் அவர் தருவார். இல்லையென்றால் அவரே தேடத் தொடங்குவார்.